தெம்பான நாளில் எழுதி, சோர்ந்த நாளுக்கு அனுப்புவது

மனம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் நாமே நமக்கு ஒரு குறிப்பு எழுதி, பின்னால் வரப்போகும் கஷ்டமான நாள் ஒன்றில் அது நம் கைக்கு வந்து சேரும்படி ஏற்பாடு செய்து வைப்பதைப் பற்றியது இந்த அத்தியாயம். எழுதுவதற்கு அரை மணி நேரம் போதும். பெரும்பாலான குறிப்புகள் இரண்டு இடங்களில் பலனில்லாமல் போகின்றன. ஒன்று, எழுதும் விதம். இன்னொன்று, வந்து சேரும் நேரம். இரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டிய எருத்தேன்பதி ஊராட்சியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கேரளத்தில் மழை குறைவான பகுதி இது. தென்னையும் கறவை மாடும் பலருக்கு வாழ்வாதாரம். மூலத்தறைப் பக்கமிருந்து வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்பதுதான் இங்கே ஆண்டின் நல்ல நாளையும் கெட்ட நாளையும் பாதி முடிவு செய்கிறது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், வேலைக்குக் கோவை என்று மூன்று பக்கமும் ஓடுகிறவர்களின் கஷ்ட நாட்களுக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் குறிப்பு சரியான நாளில் வந்து நிற்கும்.

சோர்ந்த மனதுக்கு ஏன் நினைவு வருவதில்லை

மனம் தளர்ந்திருக்கும்போது நல்ல நாட்கள் நினைவுக்கு வர மறுக்கின்றன. இது ஒருவருடைய குணக் கோளாறு அல்ல. அப்போதைய மனநிலைக்கு ஒத்த நினைவுகளே எளிதில் மேலே வருகின்றன என்பதை அமெரிக்க உளவியலாளர் கார்டன் பவர் 1981இல் விரிவாக எழுதினார். துக்கத்தில் இருப்பவருக்குத் துக்க நினைவுகளே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்.

இங்கிலாந்தில் மார்க் வில்லியம்ஸ் 1986இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுணுக்கமான ஒன்றைக் காட்டியது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதை ஒட்டி ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியை நினைவுகூரச் சொன்னார்கள். பலருக்கு நிகழ்ச்சி வரவில்லை, பொதுப்படையான வாக்கியமே வந்தது. ‘போன வியாழக்கிழமை அக்காவோடு சந்தைக்குப் போனது’ என்பதற்குப் பதில் ‘முன்பெல்லாம் வெளியே போவேன்’ என்கிற மாதிரி. நாள், இடம், ஆள் எல்லாம் அழிந்து வெறும் சாரம் மட்டும் மிஞ்சியிருந்தது.

நம் குறிப்பு செய்ய வேண்டிய வேலை இதிலிருந்தே தெரிகிறது. சோர்ந்த மனம் எதைத் தொலைக்கிறதோ அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது தைரியம் அல்ல, விவரம். எந்த நாள், எந்த இடம், யார் கூட இருந்தார்கள், என்ன நடந்தது என்பவை.

வெறும் உற்சாக வார்த்தைகளால் கெடுதலும் உண்டு. கனடாவில் ஜோவான் வுட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் ‘நான் அன்புக்கு உரியவன்’ என்று தமக்குத் தாமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால் மனம் எதிர்வாதம் செய்யத் தொடங்கிவிடுகிறது. ‘மார்ச் மாதம் கடன் தவணையைக் கட்டி முடித்தாய்’ என்ற வரியோடு அந்த மாதிரி வாதாட முடியாது. ரசீது வீட்டிலேயே இருக்கும்.

குறிப்பில் இருக்க வேண்டியவை

ஐந்து பகுதிகள் போதும். எல்லாம் சேர்ந்து கைபேசித் திரையில் ஒன்று, ஒன்றரைத் திரைக்குள் அடங்க வேண்டும். சோர்ந்த நாளில் அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள்.

1. எழுதும் நாளும் இடமும். எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், என்ன கிழமை, என்ன பொழுது.
2. அன்று நடந்த ஒரு நல்ல காரியம். சிறியதாக இருக்கலாம், ஆனால் கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும்.
3. முன்பு வந்து போன ஒரு கஷ்டம், அது எப்படிப் போனது என்பதோடு. தானாகப் போனதா, யாராவது உதவினார்களா, நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.
4. பத்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு வேலையும், கூப்பிட்டுப் பேச ஒரு ஆளும்.
5. ஒரு விடுதலை வரி. இதைப் படித்ததும் மனம் சரியாகிவிட வேண்டும் என்று கட்டாயமில்லை என்று சொல்லும் வரி.

மூன்றாவது பகுதிதான் உயிர். நிறையப் பேர் அதை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். மகிழ்ச்சியாக இருக்கும்போது பழைய கஷ்டத்தைத் தொட யாருக்கும் மனம் வராது. ஆனால் கஷ்டத்தில் இருப்பவருக்கு, இன்னொரு நல்ல நாளின் செய்தியைவிடக் கடந்து போன ஒரு கெட்ட நாளின் செய்திதான் நெருக்கமானது.

வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். மலையாளம் வழியாகப் படித்துத் தமிழ் எழுத்து தட்டச்சு செய்யச் சிரமப்படுகிறவர்கள், கைபேசி விசைப்பலகையில் மைக் குறியை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாக விழும். எழுத்தே வேண்டாம் என்றால் குரலாகப் பதிந்து வைக்கலாம். அதில் கூடுதல் நன்மை ஒன்று உண்டு. தெம்பாக இருந்தபோது நம் குரல் எப்படி இருந்தது என்பதையே கேட்கலாம். குறை, நாலு பேர் நடுவில் அதைப் போட்டுக் கேட்க முடியாது.

ஒரு எடுத்துக்காட்டு, முதலிலிருந்து கடைசிவரை

எருத்தேன்பதியில் நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். கணவர் இறந்து மூன்றாண்டு ஆகிறது. இரண்டு கறவை மாடு, கொஞ்சம் தென்னை. மகன் கோவையில் கம்பெனி வேலையில் இருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார். இவர் கற்பனை ஆள்தான். ஆனால் இவருடைய நாட்கள் இந்தப் பகுதியில் பலருக்குத் தெரிந்த நாட்கள்.

இப்படி ஒருவர் முதல் தடவை எழுதினால் பெரும்பாலும் இந்த மாதிரி வரும்:

> தைரியமாக இரு. உன்னால் முடியாதது எதுவும் இல்லை. எல்லாம் நன்மைக்கே. அழக்கூடாது. குழந்தைகளை நினைத்துப் பார். நீ இப்படி உட்கார்ந்தால் அவர்கள் கதி என்ன? எப்போதும் சிரித்த முகமாக இரு.

இதில் ஒரு விவரம்கூட இல்லை. யார் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ‘முடியாதது எதுவும் இல்லை’ என்பதை அந்த நாளில் அவர் நம்ப மாட்டார். ‘அழக்கூடாது’ என்பது தடை. ‘அவர்கள் கதி என்ன’ என்பது குற்றச்சாட்டு. ஏற்கெனவே தளர்ந்திருப்பவர் மீது கூடுதலாக ஒரு சுமை. தெம்பாக இருக்கும் மனம், தளர்ந்த மனத்தைப் பார்த்து அறியாமலே அதட்டத் தொடங்கிவிடும். இந்த வகைக் குறிப்பில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

அதே பெண்மணி ஐந்து பகுதிகளையும் வைத்து எழுதினால் இப்படி வரும்:

> கண்ணு, இதை எழுதறது நீதான். கார்த்திகை மாசம், ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வந்து திண்ணையில உக்காந்துட்டு எழுதற.
>
> காலையில செவலை கன்னு போட்டுச்சு. கிடாரிக் கன்னு. பையன் வீடியோ கால்ல பாத்துட்டு, நெத்தியில இருக்கற வெள்ளையைக் காட்டச் சொல்லி ரெண்டு தடவை கேட்டான். பக்கத்து வீட்டு அக்காளுக்குச் சீம்பால் குடுத்த.
>
> போன சித்திரை வெயில்ல பால் பாதியாக் குறைஞ்சு போச்சு. மாட்டை வித்துறலாம்னு ராத்திரி தூங்காமக் கெடந்த. டாக்டரம்மா சொன்னாங்கன்னு மத்தியானமும் தண்ணி காட்டுன, கொட்டாய் மேல தென்னோலை போட்ட. அண்ணி வந்து ரெண்டு நாள் கூட இருந்தாங்க. மழை விழுந்தப்பறம் பால் ஏறிருச்சு. பால் புஸ்தகத்துல இருக்கு, எடுத்துப் பாரு.
>
> இன்னிக்கு ஒண்ணும் முடிவு பண்ணாத. மாட்டை விக்கறதோ, தோப்பைக் குத்தகைக்கு விடறதோ இன்னிக்கு வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணி குடி. தொட்டியில தண்ணி ரொப்பு. அப்பறம் அண்ணிக்குப் போன் போடு. என்ன பேசறதுன்னு தெரியலைன்னா, சும்மாதான் கூப்பிட்டேன்னு சொல்லு.
>
> இதைப் படிச்சு மனசு சரியாகலைன்னாலும் பரவாயில்லை. அழுகை வந்தா அழு.

இந்த இரண்டாவது குறிப்பில் கவனிக்க வேண்டியவை சில. தன்னைத் தானே ‘நீ’ என்றும், அம்மா கூப்பிட்ட மாதிரி ‘கண்ணு’ என்றும் அழைக்கிறார். தன்னை முன்னிலையில் வைத்துப் பேசும்போது மனம் சற்று விலகி நின்று நிலைமையைப் பார்க்கிறது என்பதை ஈதன் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பால் புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லும் வரி இந்தக் குறிப்பின் ஆணிவேர். குறிப்பை நம்பாவிட்டாலும் கணக்கை நம்பலாம். உங்கள் குறிப்பிலும் இப்படி ஒரு சாட்சி இருக்கட்டும். பாஸ்புக், மதிப்பெண் பட்டியல், ஒரு புகைப்படம், மருத்துவச் சீட்டு, எதுவானாலும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

‘இன்னிக்கு ஒண்ணும் முடிவு பண்ணாத’ என்று சொல்லி, எந்த எந்த முடிவு என்று பெயரும் சொல்லிவிடுகிறார். மாட்டை விற்பது, நிலத்தைக் குத்தகைக்கு விடுவது, வேலையை விடுவது, படிப்பை நிறுத்துவது போன்ற திரும்பப் பெற முடியாத முடிவுகளுக்கு ஒரு நாள் தவணை வாங்கித் தருவதே இந்தக் குறிப்பின் பெரிய பயன்.

மழை வந்ததும் பால் ஏறியது என்பதையும், அண்ணி வந்து இருந்தார் என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எல்லாம் தன் திறமையால் நடந்தது என்று எழுதியிருந்தால், திறமை கைவிட்டதாகத் தோன்றும் நாளில் குறிப்பும் கைவிட்டிருக்கும்.

எந்த நாளில் வர வேண்டும்

குறிப்புக்கு நம் மனம் தெரியாது. தேதி மட்டும்தான் தெரியும். ஆகவே கஷ்ட நாட்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, தேதி தெரிந்தவை. நினைவு நாள், தேர்வு முடிவு, தவணை நாள், பள்ளி திறக்கும் ஜூன் மாதம். இடுக்கியில் மூணாறு அருகே பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன, எழுபது பேர் போனார்கள். அந்த மலையில் உறவை இழந்த வீடுகளுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும். இந்த வகை நாளுக்குத்தான் தேதி போட்டு அனுப்பும் குறிப்பு மிகப் பொருத்தம்.

இரண்டாவது வகை, பருவம் தெரிந்து தேதி தெரியாதவை. மார்ச், ஏப்ரல் வெயிலில் பால் குறைவது, வாய்க்கால் தண்ணீர் தாமதமாவது, பண்டிகை முடிந்து பிள்ளைகள் ஊர் திரும்பியபின் வீடு வெறிச்சென்றாவது போன்றவை. இவற்றுக்கு உத்தேசமாக ஒரு நாளைக் குறித்தால் போதும். இரண்டு நாள் முன்னே பின்னே வந்தாலும் கெடுதல் இல்லை. நல்ல நாளில் வந்துவிட்ட குறிப்பு யாரையும் புண்படுத்தாது.

மூன்றாவது வகை, சொல்லாமல் வருபவை. இதற்குத் தேதி உதவாது. இரண்டு வழி உண்டு. அதே குறிப்பைக் காகிதத்தில் எழுதி, கட்டாயம் கை போகும் ஒரு இடத்தில் வைப்பது. பால் புத்தகத்தின் உறைக்குள், ரேஷன் கார்டோடு, மாத்திரை டப்பாவில். அல்லது நம்பும் ஒருவரிடம் ஒரு உறையைக் கொடுத்து, ‘நான் ரெண்டு நாள் சொசைட்டிப் பக்கம் வரலைன்னா இதைக் கொண்டுவந்து குடுங்க அக்கா’ என்று அடையாளத்தோடு சொல்லி வைப்பது. ‘நான் கஷ்டத்தில் இருந்தால் கொடுங்கள்’ என்று சொன்னால் அவருக்கு எப்படித் தெரியும்? வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு அடையாளம் சொல்ல வேண்டும்.

நாளைப் போலவே நேரமும் முக்கியம். நினைவு நாளன்று உறவினர் கூட்டம் இருக்கும், யாருக்கும் கைபேசியைப் பார்க்க நேரம் இராது. முந்தின நாள் இரவும், அன்று எல்லோரும் கிளம்பிப் போன பிற்பகலும்தான் கனமானவை. கறவை நேரத்தில், பேருந்துக்கு ஓடும் நேரத்தில் வந்த குறிப்பு திறக்கப்படாமலே அடியில் போய்விடும்.

நம் எடுத்துக்காட்டுப் பெண்மணியின் ஆண்டுக்கணக்கு இப்படி அமையலாம்:

- ஏப்ரல் 10, பகல் 2 மணி: மேலே உள்ள வெயில் காலக் குறிப்பு. மே 5 அன்று அதுவே இன்னொரு முறை.
- மே 27, இரவு 8 மணி: பள்ளிச் செலவுக் குறிப்பு. போன ஆண்டு எப்படிச் சமாளித்தார் என்ற கணக்கோடு.
- கணவரின் திதிக்கு முந்தின நாள் இரவு 7.30, திதியன்று பிற்பகல் 3 மணி.
- பொங்கல் முடிந்து மகன் கோவைக்குக் கிளம்பும் நாள், இரவு 8 மணி.

மொத்தம் ஆண்டுக்கு ஆறு முறை. அதற்கு மேல் வேண்டாம். வாரா வாரம் வந்தால் விளம்பரக் குறுஞ்செய்தி போல ஆகிவிடும், திறக்காமலே தள்ளிவிடப் பழகிவிடுவோம்.

அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. முதலில் நெருக்கமாகவும் போகப்போக இடைவெளி விட்டும் வர வேண்டும். இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மாட்டோ என்ற மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் தொடர் சிகிச்சையை மறுத்த 843 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் சிறு கடிதங்கள் அனுப்பச் செய்தார். நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம் என்ற அளவில் நின்றுவிடும் கடிதங்கள். அறிவுரை இல்லை, எதையும் கேட்கவில்லை. முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிறகு நான்கு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று என ஐந்தாண்டில் 24 கடிதம். கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைந்தது, முதல் இரண்டு ஆண்டுகளில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. முடிவுகள் 2001இல் முழுமையாக வெளிவந்தன.

தமிழ்நாட்டிலும் இதற்கு நெருங்கிய வேலை நடந்தது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஊர்களில் நடத்திய ஆய்வில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் இடம்பெற்றார்கள். ஒரு பிரிவினரிடம் முதலில் ஒரு மணி நேரம் பேசி, பின் 18 மாதத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ விசாரித்தார்கள். முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று தொடங்கி இடைவெளி கூடிக்கொண்டே போகும். 2008இல் வெளியான முடிவின்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். சென்னையில் ‘சிநேகா’ அமைப்பை 1986இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் இந்த ஆய்வில் பங்கெடுத்தவர்.

இந்த இரண்டிலும் விசாரித்தவர்கள் வேறு மனிதர்கள். நமக்கு நாமே எழுதும் குறிப்புக்கும் அதே பலன் உண்டு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. சொல்வது சுருக்கமாக, எதையும் கேட்காததாக இருக்கட்டும். இடைவெளி முதலில் நெருக்கமாக இருக்கட்டும். உங்கள் குறிப்பின் நான்காவது பகுதியில் ஏன் எப்போதும் ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே.

கைபேசியில் எப்படி வைப்பது

எளிய வழி நாட்காட்டிச் செயலி. Google Calendar திறந்து, + குறியை அழுத்தி, Event தேர்ந்தெடுத்து, தேதியும் நேரமும் கொடுத்து, விவரம் எழுதும் கட்டத்தில் குறிப்பை ஒட்டுங்கள். ஆண்டுதோறும் வர வேண்டுமென்றால் Does not repeat என்பதை Every year என்று மாற்றுங்கள். அறிவிப்பு அதே நேரத்தில் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரை மணி முன்னதாக வரக்கூடும். நாட்காட்டியில் ஒருமுறை பதிந்துவிட்டால் அந்த நேரத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் அறிவிப்பு வரும். மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தோட்ட லயங்களில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி.

டெலிகிராம் வைத்திருப்பவர்கள் Saved Messages பகுதியில் குறிப்பை எழுதி அல்லது குரலைப் பதிந்து, அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் Set a reminder வரும். மின்னஞ்சல் பழக்கம் உள்ளவர்களுக்கு ஜிமெயிலில் Schedule send இருக்கிறது, பெறுநராக உங்கள் முகவரியையே போடலாம். இவை இரண்டுக்கும் அந்த நேரத்தில் இணையம் வேண்டும்.

மூன்று இடங்களில் எச்சரிக்கை தேவை.

திதி ஆண்டுக்கு ஆண்டு ஆங்கிலத் தேதியில் நகரும். Every year போட்டால் அடுத்த ஆண்டு தவறான நாளில் வந்து நிற்கும். திதி அல்லது நட்சத்திரம் பார்க்கிறவர்கள் புது ஆண்டுக் காலண்டர் வீட்டுக்கு வந்ததும் அந்த நாளைப் பார்த்துக் கைபேசியில் புதிதாகப் பதிய வேண்டும்.

அறிவிப்பு பூட்டிய திரையிலும் தெரியும். வீட்டில் ஒரே கைபேசியைப் பிள்ளைகளும் எடுத்துப் பேசுவார்கள் என்றால், தலைப்பாக ‘பால் கணக்கு’ என்பது போல ஏதாவது சாதாரணமாக வையுங்கள். உள்ளே திறந்தால்தான் குறிப்பு தெரிய வேண்டும்.

கைபேசி மாற்றும்போது பழைய கூகுள் கணக்கையே புதிதிலும் போட்டால் எல்லாம் வந்துவிடும். கடைக்காரர் புதுக் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிட்டால் குறிப்புகள் பழைய கணக்கிலேயே தங்கிவிடும். ஒரு பிரதியைக் காகிதத்திலும் வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது

எழுதிய அன்றே நாளைக் குறிக்க வேண்டாம். ஒரு வாரம் விட்டு, மனம் சுமாராக இருக்கும் நாள் ஒன்றில் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எந்த வரியில் ‘உனக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டாய்’ என்று எரிச்சல் வருகிறதோ அந்த வரியை அடியுங்கள். எந்த வரியில் குற்ற உணர்ச்சி வருகிறதோ அதையும் அடியுங்கள். நான்காவது பகுதியில் சொன்ன வேலையை அன்றே செய்து பாருங்கள். பத்து நிமிடத்தைத் தாண்டினால் இன்னும் சிறியதாக்குங்கள். கூப்பிடச் சொன்ன ஆளிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லி வைப்பது நல்லது. அந்த அண்ணிக்கு விஷயம் தெரிந்திருந்தால், ‘சும்மாதான் கூப்பிட்டேன்’ என்ற ஒரு சொல்லிலேயே புரிந்துகொள்வார்.

ஆண்டுக்கு ஒரு முறை எல்லாக் குறிப்புகளையும் திறந்து படியுங்கள். விற்றுவிட்ட மாடு, மணமாகிப் போன மகள், மாறிப்போன தொலைபேசி எண், இப்போது பேச்சுவார்த்தை இல்லாத உறவு எல்லாம் குறிப்புக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். கஷ்ட நாளில் அவற்றைச் சந்திப்பது குறிப்பே இல்லாததைவிட மோசம். முக்கியமாக, குறிப்பில் பெயர் சொல்லியிருந்த ஒருவர் இறந்துவிட்டால் அன்றே அதை நிறுத்தி வையுங்கள்.

குறிப்பு போதாத இடம்

தேதியோடும் காரணத்தோடும் வந்து சில நாளில் போய்விடும் தளர்ச்சிக்குத்தான் இந்தக் குறிப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கம், பசி, வேலையில் பிடிப்பு எல்லாம் கெட்டிருந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. குறிப்பைப் படித்தும் ஒன்றும் தோன்றவில்லை, எழுதியது வேறு யாரோ என்று படுகிறது என்றால் அதையும் ஒரு அடையாளமாக எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் சொல்லுங்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் குறிப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. நாடு முழுவதும் ஒரே எண், இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் மலையாளத்திலும் பேச ஆள் உண்டு. கேரள அரசின் திசா உதவி எண் 1056. இந்த இரண்டு எண்களையும் எல்லாக் குறிப்பின் கடைசி வரியாகவும் எழுதி வையுங்கள். பூச்சிமருந்து வைத்திருக்கும் வீடுகளில், தெம்பாக இருக்கும் நாளிலேயே அதை வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைத்து, சாவியையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். குறிப்பு எழுதும் அரை மணி நேரத்திலேயே அதையும் முடித்துவிட முடியும், குறிப்பைவிட அது முதலில் செய்ய வேண்டியது.